எவர்சில்வரும் கண்ணாடியும்: வீட்டு மேசையில் கூசாமல் படமெடுக்கும் முறை

பளபளவென்று தேய்த்த எவர்சில்வர் டம்ளரைப் படமெடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். அதில் டம்ளர் கொஞ்சம்தான் தெரியும். மீதி எல்லாம் ஜன்னல் கம்பி, ட்யூப்லைட், ஃபோனைப் பிடித்திருக்கும் கை, நீங்கள் போட்டிருக்கும் சட்டையின் நிறம். பாத்திரத்துக்கென்று தனி நிறமோ கோலமோ கிடையாது. எதிரில் என்ன இருக்கிறதோ அதையே அது வாங்கித் திருப்பித் தருகிறது. அதனால் இந்த வேலையில் முக்கால்வாசி, பாத்திரத்தைச் சுற்றி என்ன இருக்க வேண்டும் என்று முடிவு செய்வதுதான். கேமரா கடைசியில் வருகிறது.

கூசுகிற வெளிச்சத்தை முழுக்க ஒழித்துவிட்டால் படம் நன்றாக வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி ஒழித்தால் எவர்சில்வர் ஈயம் பூசிய தகரம் போல மங்கிப்போகும். தேவைப்படுவது ஒரு ஒழுங்கான வெள்ளைப் பட்டை, அதன் பக்கத்தில் ஒரு ஒழுங்கான கறுப்புக் கோடு. இந்த இரண்டும் இருந்தால்தான் பார்ப்பவருக்கு அது உலோகம் என்று தெரியும். கண்ணாடியிலும் கிட்டத்தட்ட இதே கதைதான், ஆனால் வெளிச்சம் வரும் திசை வேறு. முதலில் ஒரு டம்ளர் டபரா செட்டை எடுத்து முழுவதும் பார்ப்போம். அப்புறம் ஒரு நல்லெண்ணெய் பாட்டில்.

## டம்ளர் எதைப் பார்க்கிறது

ஒளி ஒரு கண்ணாடியில் எந்தக் கோணத்தில் விழுகிறதோ அதே கோணத்தில் திரும்பும். பள்ளியில் படித்த அந்த விதி போதும். வளைந்த டம்ளரில் அது எப்படி வேலை செய்கிறது என்பதைத்தான் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

வாய் 7 செ.மீ. அகலமுள்ள ஒரு டம்ளரை நேராகப் பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நடுக்கோட்டில் தெரிவது உங்கள் கேமரா. நடுவிலிருந்து விலக விலக, டம்ளர் மேலும் மேலும் பக்கவாட்டில் இருப்பதைக் காட்டும். நடுவிலிருந்து இரண்டு பக்கமும் ஏறத்தாழ இரண்டரை செ.மீ. போனதும், டம்ளருக்கு நேர் இடது, நேர் வலது என்ன இருக்கிறதோ அது தெரியும். அதற்கும் வெளியே, ஒவ்வொரு ஓரத்திலும் மிஞ்சும் ஒரு செ.மீ. பட்டையில், டம்ளருக்குப் பின்பக்கம் இருப்பவை எல்லாம் நெருக்கி அடைத்துக்கொண்டு தெரியும். ஆக நடுவில் 5 செ.மீ. அகலம் கேமரா இருக்கும் பாதி அறைக்கும், ஓரங்களில் ஒவ்வொரு செ.மீ. பின்பக்க அறைக்கும் சொந்தம்.

இதைத் தெரிந்துகொண்டால் பல தொல்லைகளுக்குக் காரணம் புரியும். வெள்ளைத் தாளின் மேல் வைத்து எடுத்த எவர்சில்வரின் ஓரம் ஏன் பின்னணியோடு கரைந்துபோகிறது? ஓரம் காட்டுவதே அந்த வெள்ளைப் பின்னணியைத்தான். வெளிச்சத் தாளை எங்கே வைத்தால் பட்டை எங்கே விழும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடலாம். டம்ளருக்கு நேர் இடதில் தொடங்கி, கேமராவை நோக்கிப் பாதி வழி வரை வளைந்து வரும் ஒரு வெள்ளைத் தாள், டம்ளரின் மேல் ஒரு செ.மீ.யைவிடச் சற்றே அகலமான செங்குத்துப் பட்டையாக விழும். அந்த அகலம் கண்ணுக்குப் பிடித்தமானது.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. நம்மூர் டம்ளர் மேலே அகன்று கீழே குறுகியிருக்கும். அதனால் அதன் சுவர் லேசாகக் கீழே பார்க்கிறது. அதோடு நாம் கேமராவையும் கொஞ்சம் மேலே வைத்துக் கீழ்நோக்கித்தான் எடுக்கிறோம். இரண்டும் சேர்ந்து, டம்ளரின் கீழ்ப்பாதி முழுக்கக் காட்டுவது மேசையை. விரித்த தாள் டம்ளருக்கு முன்னால் ஒரு சாண் அளவில் முடிந்துவிட்டால், அதற்கப்பால் இருக்கும் மரப்பலகை ஒரு பழுப்புக் கோடாக எவர்சில்வரில் வந்து நிற்கும். படத்தின் சட்டத்துக்குள் வராத இடம்தானே என்று முன்பக்கத்தை விட்டுவிடக் கூடாது. கேமரா பக்கமாகக் குறைந்தது 40 செ.மீ. வரை தாள் வர வேண்டும்.

இதில் ஒரு நன்மையும் உண்டு. கேமராவை டம்ளரின் வாய்க்குச் சற்று மேலே, வாயின் வட்டம் மெல்லிய நீள்வட்டமாகத் தெரியும் உயரத்தில் வைத்தால், சுவரில் ஃபோன் தெரியாது, தாள்தான் தெரியும். நடுவில் நிற்கும் கறுப்பு உருவத்தை அழிக்கத் தனியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை.

## வாங்க வேண்டியவை

ஸ்டேஷனரி கடையில் வெள்ளை சார்ட் பேப்பர் மூன்று, கறுப்பு சார்ட் பேப்பர் இரண்டு. பொறியியல் வரைபடத்துக்கான டிரேசிங் பேப்பர் ஏ1 அளவில் இரண்டு தாள். ஏ1 என்பது ஏறத்தாழ 60 செ.மீ.க்கு 84 செ.மீ. வெள்ளைத் தெர்மாக்கோல் பலகை இரண்டு. துணி காயப்போடும் கிளிப் ஒரு டஜன். 9 அல்லது 12 வாட் வெள்ளை எல்இடி பல்பு, அதை மாட்ட ஒரு டேபிள் லேம்ப். ஃபோனை நிறுத்த ஒரு ட்ரைபாட்.

டிரேசிங் பேப்பரைக் கையில் சுருட்டிக் கொண்டுவராமல் குழாயில் போட்டு வாங்கி வாருங்கள். மடிப்பு விழுந்த தாள் கண்ணாடி மெருகுள்ள பாத்திரத்தில் அப்படியே கோடாகத் தெரியும். டிரேசிங் பேப்பர் கிடைக்காவிட்டால் பேக்கரி சாமான் விற்கும் கடையில் கிடைக்கும் பட்டர் பேப்பரும் சரிதான், ஆனால் அகலம் குறைவு. இரண்டை ஒட்டினால் ஒட்டு தெரியும். வெள்ளை வேட்டியையும் பயன்படுத்தலாம். இஸ்திரி போட்டு, கரை உள்ளே வராதபடி மடித்துக் கட்ட வேண்டும். பச்சைக்கரை வேட்டியின் கரை எவர்சில்வரில் அழகான பச்சைக் கோடாக விழும், அதை அப்புறம் அழிப்பது பெரும்பாடு.

குண்டு பல்பு, ஹாலஜன் விளக்கு போன்ற சூடாகும் விளக்குகளைத் தாளுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம். எல்இடி என்றாலும் தாளை விளக்கின் மேல் சாய்த்துவிட்டுப் போகாதீர்கள்.

## துடைப்பது

இந்த வேலைக்கு எடுக்கும் நேரத்தை எடிட்டிங்கில் இரண்டு மடங்காகத் திரும்பப் பெறலாம். புதுப் பாத்திரத்தில் ஒட்டியிருக்கும் விலைச் சீட்டை உரித்து, மிஞ்சும் பிசினில் தேங்காய் எண்ணெய் தடவிக் கொஞ்ச நேரம் ஊறவிட்டுத் துடையுங்கள். அப்புறம் பாத்திரம் கழுவும் சோப்பில் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெயே படலமாக நிற்கும். உப்புத் தண்ணீர் ஊர்களில் தானாகக் காயவிட்டால் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழும். கழுவிய ஈரத்தோடேயே மென்மையான மைக்ரோஃபைபர் துணியால் துடைத்துவிடுங்கள். ஏற்கெனவே விழுந்த புள்ளிக்கு வினிகர் தொட்ட துணி போதும். சபீனாவும் தேங்காய் நாரும் வேண்டாம். கீறல் விழுந்தால் வெளிச்சத்தில் ஒவ்வொன்றும் தெரியும்.

துடைத்த பிறகு பாத்திரத்தை வெறுங்கையால் தொடக் கூடாது. இடம் மாற்றும்போதும் துணியால்தான் பிடிக்க வேண்டும்.

## மேடையை அமைப்பது

ஜன்னல் வெளிச்சமா, விளக்கா என்று முதலில் முடிவு செய்யுங்கள். இரண்டையும் கலக்கக் கூடாது. ஜன்னலின் நீல வெளிச்சமும் விளக்கின் மஞ்சளும் ஒரே பாத்திரத்தில் விழுந்தால், ஒரு பக்கம் நீலமும் மறுபக்கம் மஞ்சளுமாக இருக்கும். எந்த ஆப்பிலும் அதை நேராக்க முடியாது. வெயில் நேராக விழாத ஜன்னல் இருந்தால் பகலில் அதுவே போதும். நாள் முழுக்க ஒரே மாதிரி வர வேண்டும், இருபது பொருள் எடுக்க வேண்டும் என்றால் விளக்கே நல்லது. மேகம் போய் வந்தாலும் வெளிச்சம் மாறாது.

ஜன்னல் என்றால் ஒரு எச்சரிக்கை. நம் வீட்டு ஜன்னல்களில் கம்பி உண்டு. டிரேசிங் பேப்பரைக் கம்பியோடு ஒட்டிக் கட்டினால் கம்பியின் நிழல் தாளில் கோடு கோடாக நிற்கும், டம்ளரில் சிறைக்கூடம் தெரியும். தாளைக் கம்பியிலிருந்து ஒன்றரை அடி உள்ளே, துணி காயப்போடும் ஸ்டாண்டில் தொங்கவிடுங்கள். அந்த இடைவெளியில் நிழல் கரைந்துவிடும். கரைந்ததா என்று தாளைப் பார்த்தே சொல்லிவிடலாம். தாளில் கோடு தெரியாவிட்டால் பாத்திரத்திலும் தெரியாது.

இங்கே விளக்கை வைத்துச் செய்யும் முறையைச் சொல்கிறேன். மேசையைச் சுவரை ஒட்டி வையுங்கள். ஒரு வெள்ளைச் சார்ட்டின் மேல் ஓரத்தைச் சுவரில் டேப் போட்டு ஒட்டி, கீழே இறக்கி மேசை மேல் வளைவாக விடுங்கள். சுவரும் மேசையும் சேரும் இடத்தில் தாளை மடித்து அழுத்தாமல் வளையவிட்டால் படத்தில் பின்னால் கோடு விழாது. டம்ளருக்கு முன்னால் 40 செ.மீ. வேண்டும் என்பதால் ஒரு தாள் போதாது; இன்னொன்றை முன்பக்கம் அடியில் செருகி வையுங்கள். ஒட்டும் இடம் படச் சட்டத்துக்கு வெளியே இருக்க வேண்டும்.

டம்ளரைச் சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி வைத்து, அதன் இடது பக்கம் ஸ்டாண்டில் டிரேசிங் பேப்பரைக் கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள். தாளுக்கும் டம்ளருக்கும் இடையில் ஒரு சாண் போதும். தாளின் கீழ் விளிம்பு மேசையைத் தொட வேண்டும். தொடாமல் இரண்டு விரல் உயரத்தில் நின்றால் அந்த இடைவெளி டம்ளரின் இடுப்பில் கறுப்புக் கீற்றாகத் தெரியும். தாளின் முன் ஓரத்தைக் கேமரா பக்கமாகக் கொஞ்சம் வளைத்து ஒரு புத்தகத்தால் நிறுத்திவிடுங்கள்.

தாளுக்கு வெளியே, அதிலிருந்து 40 செ.மீ. தள்ளி விளக்கை வைத்து, அறையின் மற்ற எல்லா விளக்கையும் அணையுங்கள். மின்விசிறியையும். காற்றில் தாள் ஆடும் என்பதோடு, டபராவின் உட்பக்கம் கூரையைத்தான் பார்க்கிறது. விசிறியின் இறக்கைகள் அங்கே அப்பட்டமாகத் தெரியும். டபரா இருந்தால் அதற்கு மேலே, ஒரு முழ உயரத்தில், இரண்டு நாற்காலி முதுகின் மேல் தெர்மாக்கோல் பலகையைக் கிடத்திவிடுங்கள். இன்னொரு பலகை டம்ளருக்கு வலது பக்கம், ஒரு முழம் தள்ளி.

இப்போது விளக்கை முன்னும் பின்னும் நகர்த்தித் தாளைப் பாருங்கள், டம்ளரைப் பாருங்கள். விளக்கு தாளோடு ஒட்டியிருந்தால் தாளின் நடுவில் ஒரு வெள்ளைச் சூரியன் இருக்கும், டம்ளரிலும் அதே சூரியன். கூசுகிறது என்று நாம் சொல்வது இதைத்தான். ரொம்பத் தள்ளி வைத்தால் தாள் முழுக்கச் சீராக வெளுத்து, பட்டையின் இரண்டு விளிம்பும் கத்தரித்தது போலக் கூர்மையாக நிற்கும். நடுவில் ஒரு இடத்தில், பட்டையின் ஒரு பக்கம் பிரகாசமாகவும் மறுபக்கம் மெல்ல மெல்ல மங்கியும் வரும். எனக்குப் பிடித்தது இந்த இடம். உருண்டை வடிவம் கண்ணுக்குத் தானாகப் புரியும். விளக்கைக் கேமரா பக்கம் அல்லது சுவர்ப் பக்கம் கொஞ்சம் திருப்பினால் மங்கல் எந்தப் பக்கம் விழ வேண்டும் என்பதையும் நீங்களே முடிவு செய்யலாம்.

## கறுப்புக் கோடு

இதுவரை செய்ததோடு படமெடுத்தால் வெளிச்சம் சாந்தமாக இருக்கும், ஆனால் டம்ளர் பால் கலந்த மாதிரி வெளிறியிருக்கும். வலது ஓரம் பின்னணியில் காணாமல் போயிருக்கும். சுற்றிலும் வெள்ளையாக மூடிவிட்டதால் வந்த விளைவு இது. கடையில் விற்கும் வெள்ளைக் கூடாரத்துக்குள் வைத்து எடுத்த எவர்சில்வர் படங்கள் பெரும்பாலும் சோபையில்லாமல் இருப்பதற்கும் இதுவே காரணம்.

கறுப்புச் சார்ட்டை 8 செ.மீ. அகலத்தில், டம்ளரைவிட உயரமாக இரண்டு பட்டைகளாக வெட்டுங்கள். அடியில் மடித்துவிட்டால் தானாக நிற்கும். டம்ளருக்கு இரண்டு பக்கமும், கொஞ்சம் பின்னால், படச் சட்டத்துக்கு வெளியே, ஆனால் எவ்வளவு கிட்டே கொண்டுவர முடியுமோ அவ்வளவு கிட்டே வையுங்கள். ஓரத்து ஒரு செ.மீ. பின்பக்கத்தைப் பார்க்கிறது என்று சொன்னேன் அல்லவா, அந்த இடத்தில் இப்போது கறுப்பு தெரியும். டம்ளரின் இரண்டு ஓரமும் பென்சிலால் வரைந்தது போல எழுந்து நிற்கும்.

கோடு தடிமனாக இருந்தால் பட்டையைத் தள்ளி வையுங்கள், அல்லது இன்னும் மெல்லியதாக வெட்டுங்கள். இரண்டு ஓரமும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்று அவசியமில்லை. வெளிச்சம் வரும் இடது பக்கம் மெல்லிய கோடும் வலது பக்கம் அதைவிடத் தடித்த கோடும் வைத்தால் நன்றாக இருக்கிறது.

டபராவையும் சேர்த்து எடுக்கும்போது டம்ளரை உள்ளே நிறுத்தாமல் பக்கத்தில் வைத்து எடுப்பது எளிது. உள்ளே நிறுத்தினால் இரண்டும் ஒன்றையொன்று மாறி மாறிக் காட்டி, எது எங்கே முடிகிறது என்றே தெரியாது. பக்கத்தில் வைத்தாலும் இரண்டு மூன்று விரல் இடைவெளி விடுங்கள். அந்த இடைவெளியில் பின்னால் ஒரு மெல்லிய கறுப்புக் கீற்றை மறைவாக நிறுத்த முடிந்தால் இரண்டும் தனித்தனியாகப் பிரிந்து தெரியும்.

## எங்கிருந்து வருகிறது இந்தப் புள்ளி?

எல்லாம் வைத்த பிறகும் ஏதோ ஒரு பொட்டு, ஏதோ ஒரு கோடு மிஞ்சும். அறை முழுக்க உற்றுப் பார்த்துத் தேடுவதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. வீட்டில் யாரையாவது கூப்பிட்டு, ஒரு சிவப்புத் துணியைக் கையில் கொடுத்து, மேடையைச் சுற்றி மெல்ல நகர்த்தச் சொல்லுங்கள். நீங்கள் ஃபோன் திரையில் அந்தப் பொட்டைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருங்கள். பொட்டு எப்போது சிவக்கிறதோ, அப்போது துணி இருக்கும் இடம்தான் அதன் பிறப்பிடம்.

ஆள் இல்லாவிட்டால் அறையை இருட்டாக்கி, கேமரா லென்ஸ் இருக்கும் இடத்திலிருந்து ஒரு டார்ச்சைப் பாத்திரத்தின் மேல் அடியுங்கள். ஒளி போன வழியிலேயே திரும்பும் என்பதால், பாத்திரத்தில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம் எங்கெல்லாம் விழுகிறதோ அங்கெல்லாம் கேமரா பார்க்கிறது என்று பொருள். அது தாளின் மேல் விழுந்தால் சரி. தாளைத் தாண்டி அலமாரியில் விழுந்தால் அலமாரி படத்தில் வரும். இதற்கு லேசர் பாயின்டரைப் பயன்படுத்த வேண்டாம். பளபளப்பான பரப்பில் பட்டுக் கண்ணில் தெறித்தால் ஆபத்து.

பாத்திரம் முழுக்க ஒரு சாயம் ஏறியிருந்தால் சுவரையும் சட்டையையும் பாருங்கள். பச்சைச் சுவருள்ள அறையில் எவர்சில்வர் பச்சையாகத்தான் வரும். வெள்ளை, கறுப்பு அல்லது சாம்பல் நிறச் சட்டை போட்டுக்கொண்டு, சுவர் தெரியும் பக்கம் ஒரு வெள்ளைத் துணியைத் தொங்கவிட்டால் போதும்.

பொலரைசர் ஃபில்டர் வாங்கினால் தீர்ந்துவிடும் என்று யாராவது சொன்னால் எவர்சில்வருக்காக வாங்காதீர்கள். தண்ணீர், கண்ணாடி, வார்னிஷ் அடித்த மரம் இவற்றில் சாய்வாகப் பட்டுத் தெறிக்கும் வெளிச்சத்தைத்தான் அது குறைக்கும். உலோகத்தில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்துக்கு அந்தக் குணம் அநேகமாக ஏறுவதில்லை. ஃபில்டரைச் சுழற்றினாலும் பொட்டு அப்படியே இருக்கும்.

## ஃபோனில் செய்ய வேண்டியது

ஃபோனைப் பொருளுக்கு ஒரு மீட்டர் தள்ளி ட்ரைபாடில் வைத்து, 2 மடங்கு லென்ஸ் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். கிட்டே போய் எடுத்தால் டம்ளரின் வாய் பெருத்து அடி சிறுத்துவிடும், உங்கள் நிழலும் தாளில் விழும். ஃபிளாஷ், எச்டிஆர் இரண்டையும் அணைத்துவிடுங்கள். எச்டிஆர் நாம் பாடுபட்டு வைத்த கறுப்புக் கோட்டைச் சாம்பலாக்கும்.

ப்ரோ மோட் இருந்தால் ஐஎஸ்ஓவை 100-க்குக் கீழே வைத்து, ஷட்டரை 1/50 அல்லது 1/25 நொடியில் நிறுத்துங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மலிவான எல்இடி பல்புகள் நொடிக்கு 100 தடவை துடிக்கும். ஷட்டர் அதைவிட வேகமாக இருந்தால் படத்தில் குறுக்கே வரி வரியாக நிழல் விழும். ப்ரோ மோட் இல்லாவிட்டால் டம்ளரின் முன் விளிம்பில் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டி, வெளிச்ச அளவைக் கொஞ்சம் மேலே தள்ளுங்கள். வெள்ளை நிறைந்த காட்சியைக் கேமரா எப்போதும் சாம்பலாக்கப் பார்க்கும், அதனால்தான் இந்தத் தள்ளல். எதுவரை தள்ளலாம் என்பதை வெள்ளைப் பட்டை சொல்லும். பட்டைக்குள் உலோகத்தின் மெல்லிய இழையோ மங்கலோ தெரிந்தால் சரி. வெற்று வெள்ளையாக ஆகிவிட்டால் ஒரு படி குறையுங்கள். 2 நொடி டைமர் வைத்து, கை படாமல் எடுங்கள்.

## நல்லெண்ணெய் பாட்டில்

எவர்சில்வர் தன்மேல் விழும் வெளிச்சத்தில் பாதிக்கு மேல் திருப்பி அனுப்புகிறது. கண்ணாடி நேராக விழும் வெளிச்சத்தில் ஒரு பரப்புக்கு நூற்றில் நாலு பங்கைத்தான் திருப்புகிறது, மீதியை உள்ளே விட்டுவிடுகிறது. அதனால் கண்ணாடியை முன்னாலிருந்தோ பக்கத்திலிருந்தோ வெளிச்சம் போட்டுக் காட்ட முயன்றால் அது தெரியாது, அதன் மேல் விழுந்த பொட்டு மட்டும் தெரியும். பின்னாலிருந்து வெளிச்சம் வர வேண்டும்.

மேசையைச் சுவரிலிருந்து இழுத்து, டிரேசிங் பேப்பரைப் பாட்டிலுக்குப் பின்னால் ஒன்றரை அடியில் தொங்கவிடுங்கள். அதற்கும் பின்னால் விளக்கு. இந்தத் தாளே இப்போது பின்னணி. படச் சட்டத்துக்குள் தாள் மட்டும் தெரியும்படி ஃபோனை வைத்த பிறகு, சட்டத்துக்கு வெளியே மிஞ்சியிருக்கும் தாளை இரண்டு பக்கமும் கறுப்புச் சார்ட்டால் மூடிவிடுங்கள். இந்த மூடல்தான் முக்கியம். பாட்டிலின் ஓரத்துக் கண்ணாடி ஒளியை வளைத்து, பின்னால் பக்கவாட்டில் இருப்பதைக் காட்டும். அங்கே கறுப்பு இருந்தால் ஓரம் கறுப்புக் கோடாகும். அங்கேயும் வெள்ளை இருந்தால் ஓரமே இருக்காது. பாட்டிலின் தோள், கழுத்து, அடி எல்லாம் தெளிவாக வரையப்பட்டது போல வரும் வரை கறுப்புத் தாள்களை அங்குலம் அங்குலமாக உள்ளே தள்ளுங்கள்.

எண்ணெய் நிரம்பிய பாட்டில் ஒரு தடித்த லென்ஸ். பின்னால் இருப்பதை இடவலமாக மாற்றிக் காட்டும், கறுப்பு ஓரமும் காலி பாட்டிலைவிடத் தடித்து வரும். அதனால் எண்ணெய் நிரம்பிய பாட்டிலுக்குக் கறுப்புத் தாளைக் கொஞ்சம் வெளியே தள்ள வேண்டியிருக்கும். செக்கு நல்லெண்ணெயின் நிறம் பின் வெளிச்சத்தில்தான் தேன் நிறமாக ஒளிரும். முன் வெளிச்சத்தில் அது கறுத்த காபி போலத்தான் தெரியும்.

லேபிளுக்கு இது ஆகாது. பின்னாலிருந்து வெளிச்சம் வரும்போது காகித லேபிள் இருண்டு நிற்கும். தெர்மாக்கோல் பலகை இரண்டையும் கேமராவுக்கு இரண்டு பக்கமும், பாட்டிலைப் பார்த்தபடி சாய்வாக நிறுத்துங்கள். பின் வெளிச்சமே அதில் பட்டுத் திரும்பி லேபிளை எழுப்பும். அப்போது பாட்டிலின் இரண்டு பக்கமும் மெல்லிய வெள்ளைக் கீற்று வரும். அது நேராக, தோளிலிருந்து அடி வரை உடையாமல் ஓடினால் விட்டுவிடுங்கள். கண்ணாடிக்கு அது அழகு. உடைந்து உடைந்து வந்தால் பலகையின் கீழ் விளிம்பு மேசையைத் தொடுகிறதா, உயரம் போதுமா என்று பாருங்கள். லேபிள் இன்னும் போதவில்லை என்றால் ஃபோனை அசைக்காமல் இரண்டு படம் எடுத்துச் சேர்ப்பது உண்டு, ஆனால் சாதாரண விற்பனைப் படத்துக்கு அது அநேகமாகத் தேவைப்படாது.

காலிக் கண்ணாடி டம்ளர், வெட்டு வேலைப்பாடுள்ள கிண்ணம் இவற்றுக்கு இதையே தலைகீழாகச் செய்யலாம். வெளிச்சத் தாளுக்கு முன்னால், நடுவில், படச் சட்டத்தை மட்டும் மறைக்கும் அளவுக்குக் கறுப்புச் சார்ட்டை நிறுத்தினால், அதன் ஓரங்களைத் தாண்டி வரும் வெளிச்சம் கண்ணாடியின் விளிம்புகளில் மட்டும் பிடித்துக்கொள்ளும். கறுப்பில் வெள்ளிக் கோடுகளாக அது மிக அழகாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு தூசியும் நட்சத்திரமாகத் தெரியும் என்பதால் துடைக்கும் வேலை இரண்டு மடங்கு.

## எடுத்த பிறகு

எடிட்டிங்கில் செய்ய வேண்டியது குறைவாகவே இருக்கும். முதலில் வெள்ளைச் சமநிலை: பின்னணித் தாளைத் தொட்டு அதை நடுநிலை வெள்ளையாக்குங்கள். அப்புறம் மிஞ்சிய தூசிகளை ஹீலிங் கருவியால் ஒவ்வொன்றாக எடுங்கள். அமேசானில் முதல் படத்துக்குப் பின்னணி சுத்த வெள்ளையாக, அதாவது மூன்று நிறமும் 255 ஆக இருக்க வேண்டும், பொருள் சட்டத்தில் 85 சதவீதம் நிறைய வேண்டும் என்று விதி உண்டு. வீட்டில் எடுத்த வெள்ளைத் தாள் அநேகமாக 230, 240-இல் நிற்கும். அதற்காகப் படம் முழுவதையும் வெளுக்க வைத்தால் டம்ளரின் பட்டையும் சேர்ந்து வெளுத்துப்போகும். பின்னணியை மட்டும் தேர்ந்து வெளுக்க வையுங்கள். கறுப்புக் கோடு ஓரத்தில் இருந்தால் தேர்வுக் கருவி டம்ளரைச் சரியாகப் பிடித்துக்கொள்ளும். அது இல்லாத படத்தில் பின்னணியோடு பாத்திரத்தையும் தின்றுவிடும்.

மேடையைக் கலைப்பதற்கு முன்னால் விளக்கு, தாள், கறுப்புப் பட்டை, ட்ரைபாட் கால்கள் இருக்கும் இடங்களை மேசையிலும் தரையிலும் டேப் ஒட்டிக் குறித்து, முழு அமைப்பையும் ஃபோனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதம் புது டபரா வந்தால் அதே பட்டை அதே இடத்தில் விழும், பழைய படங்களோடு வரிசையில் ஒத்துப்போகும்.